பழங்கற்படி: வழிபாட்டுக் கோயில்களின் திருப்பணியும் எழுத்துடைக் கற்களும்

நாவலூர்ப் பகுதியிலிருந்து கோவளம் வழியாக மாமல்லபுரம் நோக்கிக் கடற்கரைச் சாலையில் செல்வோர் திருவிடந்தையைக் கடந்தே செல்ல வேண்டும். அங்குள்ள நித்தியகல்யாணப் பெருமாள் கோயில் ஒரே காலத்தில் இரு வேறு நிலைகளில் நிற்கிறது. அது நூற்றெட்டுத் திவ்வியதேசங்களுள் ஒன்று. திருமணம் வேண்டி மாலையணிந்து வலம் வருவோர் நாள்தோறும் வந்துகொண்டேயிருக்கும் வழிபாட்டுத் தலம். அதுவே இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள நினைவுச் சின்னமும் ஆகும். வழிபாடும் நிருவாகமும் இந்து சமய அறநிலையத் துறையின் பொறுப்பு. கல்லும் காரையும் தொல்லியல் துறையின் பொறுப்பு. சில கல் தொலைவு தெற்கே, மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே அன்றாட வழிபாடு நின்றுவிட்டமையால் விளக்கெண்ணெய்ப் படிவும் இல்லை, தரை வழுக்குகிறது என்ற முறையீடும் இல்லை. ஊரின் நடுவே உள்ள தலசயனப் பெருமாள் கோயிலிலோ வழிபாடு உண்டு. ஆகவே திருப்பணியும் உண்டு.

வழிபாட்டுக் கோயில்களில் வண்ணம் பூசுதல், கற்றரையை மாற்றுதல் முதலியன குறித்து எழும் பூசலைப் பக்திக்கும் பாதுகாப்புக்கும் இடையிலான மோதலாகக் காட்டுவதே இன்று வழக்கமாகிவிட்டது. ஒரு தரப்பு, கோயில் அருங்காட்சியகம் அன்று என்கிறது. மற்றொரு தரப்பு, பழங்கல்லைத் தொடலாகாது என்கிறது. இவ்விரு கூற்றுகளும் தமிழ்க் கோயில் மரபின் சான்றுகளோடு முழுமையாகப் பொருந்தவில்லை. அச்சான்றுகள் கோயிற் சுவர்களிலேயே பொறிக்கப்பட்டுள்ளன.

திருமழபாடி வைத்தியநாதர் கோயில் கல்வெட்டு இதற்கு முதன்மையான சான்று. முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் அக்கோயிலின் மூல விமானத்தைப் பிரித்து மீண்டும் கட்ட ஆணையிட்டான். பிரிப்பதற்கு முன்னர், அவ்விமானத்திலிருந்த கல்வெட்டுகளை எல்லாம் ஒரு பொத்தகத்தில் படியெடுக்க வேண்டும் என்பதும் அவ்வாணையின் பகுதி. புதிய விமானம் எழுந்தபின், முதலாம் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், அப்பொத்தகத்திலிருந்து பழைய சாசனங்கள் மீண்டும் கல்லில் வெட்டப்பட்டன. இரண்டு செயல்களுக்கும் இடையே பத்தாண்டுகளுக்கு மேற்பட்ட காலம் கழிந்தது. ஓர் அரசன் மறைந்து மற்றோர் அரசன் ஆண்டான். பொத்தகம் தவறவில்லை.

இது தனி நிகழ்வும் அன்று. செம்பியன் மாதேவியார் திருக்கோடிக்காவில் கற்றளி எடுப்பித்தபோது பழைய கோயிலின் கற்களில் இருந்த சாசனங்கள் புதிய சுவர்களில் படியெடுத்து வெட்டப்பட்டன. அவை பழங்கற்படி என்ற குறிப்புடனேயே நிற்கின்றன. திருவல்லத்திலும் விமானத்தைப் பிரித்துக் கட்டுவதற்கு முன்பிருந்த கல்வெட்டின் படி என்று தன்னையே அறிவிக்கும் பல்லவர் காலச் சாசனம் உண்டு. மூல எழுத்தின் வடிவம் அழிந்தது உண்மையே. பிற்கால எழுத்தமைதியில் முற்கால மன்னனின் பெயரைக் காணும் எழுத்தியல் அறிஞர் அதற்காக வருந்தவும் கூடும். ஆயினும் அச்சாசனம் கூறிய செய்தி நம் காலம் வரை வந்து சேர்ந்தது.

இச்சான்றுகள் இரு தரப்பாருக்கும் ஒருங்கே இடர் தருவன. பழங்கல்லை மாற்றுவதே மரபுக்கு மாறு என்று கூறும் பாதுகாப்பாளர், விமானத்தையே பிரித்துக் கட்டிய சோழர் திருப்பணியை விளக்க வேண்டியவர் ஆகிறார். புதுப்பித்தலே மரபு என்று கூறும் திருப்பணியாளரோ, அம்மரபின் முற்பாதியை மட்டும் கைக்கொண்டு பிற்பாதியைக் கைவிட்டவர் ஆகிறார். கல்லை மாற்றலாம், அதற்கு முன்னர் எழுத்தைக் காக்க வேண்டும் என்பதே மரபு வைத்த முறை. சப்பானில் இசே திருக்கோயிலை இருபதாண்டுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டும் வழக்கத்தையும், 1994ஆம் ஆண்டின் நாரா ஆவணத்தையும் இந்தியப் பாதுகாப்பு விவாதங்களில் எடுத்துக்காட்டுவது இயல்பாகிவிட்டது. திருமழபாடிச் சாசனம் அந்த அளவுக்கு எடுத்துக்காட்டப்படுவதில்லை என்பது தமிழாய்வாளர் கருதத்தக்கது.

கற்றரை மாற்றத்தைச் சற்று விரிவாக நோக்கினால் பூசலின் உண்மையான இடம் புலப்படும். பழைய திருச்சுற்றுத் தரை, தடித்த பலகைக் கற்களை மண் அல்லது மணற்படுகையின் மேல் பாவி அமைத்தது. கற்களுக்கிடையே இணைப்புகள் முழுமையாக அடைபடுவதில்லை. மழைநீரில் ஒரு பகுதி சரிவு வழியே வடிகாலை அடையும். ஒரு பகுதி இணைப்புகளின் வழியே நிலத்தில் இறங்கும். நிலத்தின் ஈரமும் அதே இணைப்புகளின் வழியே ஆவியாகி வெளியேறும். காலப்போக்கில் மண் இளகிக் கற்கள் ஏறியும் இறங்கியும் நிற்கும். முதியோர் கால் இடறுவர். அங்கப்பிரதட்சிணம் செய்வோர் உடலில் கல் விளிம்பு கிழிக்கும். எண்ணெயும் நெய்யும் படிந்து கல் கறுக்கும். இக்குறைகள் கற்பனையல்ல. இவற்றைப் பொருட்படுத்தாத பாதுகாப்பு அறிவுரையை எந்தக் கோயில் நிருவாகமும் நெடுநாள் ஏற்காது.

இக்குறைகளுக்கு இன்று பெரும்பாலும் தெரிவு செய்யப்படும் தீர்வு, கற்காரைப் படுகையிட்டு அதன்மேல் மெருகேற்றிய கிரானைட்டுப் பலகைகளை ஒட்டுவது. பழங்கற்கள் பெயர்க்கப்படலாம், அல்லது அவற்றின் மேலேயே புதிய தரை இடப்படலாம். பின்னது செலவு குறைவு என்பதால் விரும்பப்படும். அவ்வாறு இடும்போது தரைமட்டம் ஒரு சாண் உயரக்கூடும். ஒருமுறை உயர்ந்ததன்மேல் அடுத்த திருப்பணியிலும் உயர்ந்தால், அதிட்டானத்தின் உபானம் மறைந்து, சகதியும் பாதி மறைகிறது. சோழர் காலச் சாசனங்கள் மிகுதியாக வெட்டப்பட்ட இடங்களில் சகதியும் குமுதமும் முதன்மையானவை. நீண்ட சாசனம் சுவரில் தொடங்கிக் கீழிறங்கிச் சகதியில் முடிவதும் உண்டு. எனவே தரை உயரும்போது, சாசனத்தின் கடைசி வரிகளே முதலில் மறைகின்றன. கொடையின் அளவு, எல்லை, ஓம்படைக் கிளவி, எழுதியவர் பெயர், கையெழுத்திட்ட சபையோர் ஆகியன அவ்வரிகளில்தான் இருக்கும்.

மறைந்தது அழியாது, மண்ணுக்குள் பாதுகாப்பாகவே இருக்கும் என்று கூறுவோர் உண்டு. மண்ணாயின் அது ஓரளவு உண்மை. சிமெண்டுக் கற்காரையாயின் நிலை வேறு. நிலத்தின் ஈரம் மெருகேற்றிய தரையின் வழியே வெளியேற முடியாமல், இடமுள்ள பக்கம் நோக்கி, அதாவது சுவரின் அடிப்பகுதி நோக்கி நகர்கிறது. கல்லின் நுண்துளைகளிலும் அடுக்கு இணைப்புகளிலும் ஏறும் அவ்வீரத்தில் நிலத்தின் உப்பும் சிமெண்டிலிருந்து கரையும் உப்பும் கலந்துள்ளன. கடற்கரையூர்களில் காற்று கொண்டுவந்து சேர்க்கும் உப்பும் உண்டு. ஈரம் உலரும் இடத்தில் உப்பு படிகமாகிப் பருக்கிறது. கல்லின் மேற்றோல் மெல்லிய செதில்களாக உதிர்கிறது. காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலைப் போன்ற மணற்கல் கட்டடத்தில் இது விரைவாக நிகழும். திண்மை மிகுந்த கருங்கல்லில் மெதுவாக நிகழும். ஆனால் நிகழாமல் இராது. புதிய தரைக்குச் சற்று மேலே, சுவர் நெடுகிலும் வெண்மையான பொடிப்பூப்பு ஒரு பட்டைபோல் தோன்றுமாயின், அதுவே முதல் அறிகுறி. அப்பட்டை பெரும்பாலும் குமுதத்தின் மீதும் அதனையடுத்த எழுத்து வரிகளின் மீதும் விழுகிறது.

இங்கு வேறொரு முரணும் உண்டு. மெருகேற்றிய கிரானைட்டு, எண்ணெயும் நீரும் பட்டால் பழங்கல்லைவிட மிகுதியாக வழுக்கும். முதியோர் இடறாமைக்கென இடப்பட்ட தரையில் முதியோர் வழுக்கி விழுகின்றனர். பழங்கற்களைப் பெயர்த்து, எண்ணிட்டு, படுகையைச் சமன்செய்து, அதே கற்களைச் சுண்ணாம்புக் காரையில் மீண்டும் பாவுவது இயலாத செயலன்று. வெயிற்காலத்தில் கயிற்றுப்பாய் விரிக்கும் வழக்கமும் பல கோயில்களில் உள்ளது. அங்கப்பிரதட்சிணத்திற்கு உரிய பாதையை மட்டும் விளிம்பு மழுங்கச் செப்பனிடலாம். இவற்றுள் எதுவும் வழிபாட்டைக் குறைப்பதன்று. புதிய தரை விரும்பப்படுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஆகமமும் அன்று, அடியார் வேண்டுகோளும் அன்று. உபயதாரரின் பெயர் பொறிக்கப் புதுக்கல் வேண்டும் என்பதும், ஒப்பந்தத்தில் சதுர அடிக்கணக்கில் அளந்து பணம் வழங்க மெருகுக்கல் எளிது என்பதுமே அதற்குப் பின்னுள்ளவை. இராசராசன் காலத்துக் கொடையாளர் பெயரை மறைத்து இன்றைய கொடையாளர் பெயர் தரையில் பதிகிறது. கொடையாளர் பெயர் நிலைக்க வேண்டும் என்ற விருப்பம் இரு காலத்தும் ஒன்றே என்பது இதில் கவனிக்கத்தக்கது.

பெயர்க்கப்படும் பழங்கற்களின் கதி வேறு. திருச்சுற்றுத் தரைக் கற்களுள் சில, முன்பு இடிந்த மண்டபத்திலிருந்தோ சுவரிலிருந்தோ எடுத்துப் பாவியவை. அவற்றின் மேற்புறத்திலோ அடிப்புறத்திலோ துண்டுக் கல்வெட்டுகள் இருக்கலாம். அடிப்புறத்து எழுத்து, கல் பெயர்க்கப்படும் அந்த ஒரு நாளில்தான் வெளிப்படும். அன்று அங்கு எழுத்தறிந்த ஒருவர் இல்லையெனில், கல் உடைபட்டு நிரப்புக் கல்லாகிவிடும்.

வண்ணம் பூசுதலில் கோடு வேறிடத்தில் விழுகிறது. சுதையாலான விமானத்திற்கும் கோபுரத்திற்கும் வண்ணம் அழகு மட்டுமன்று, காப்பும் ஆகும். குடமுழுக்குத் தோறும் சுதையைச் செப்பனிட்டு வண்ணம் தீட்டாவிடில் நீர் இறங்கிச் சுதை பிளக்கும். பிளவில் அரச மரம் முளைக்கும். ஆகவே சுதைக்கு வண்ணம் வேண்டாம் என்று கூறும் பாதுகாப்பாளர் வழிபாட்டோரிடமும் கட்டடக் கலையிடமும் ஒருங்கே தோற்பார். சிக்கல், அவ்வண்ணம் சுதையிலிருந்து இறங்கிக் கற்சுவரையும் தூணையும் தழுவும்போது எழுகிறது.

முற்காலத்தில் கற்சுவர்மேல் அடிக்கப்பட்டது சுண்ணாம்பு. அது எழுத்தை மறைத்தது, ஆனால் அழிக்கவில்லை. நீரும் மெல்லிய தூரிகையும் கொண்டு பொறுமையாக நீக்கினால் அடியில் எழுத்து கூர்மை கெடாமல் கிடைக்கும். மறைப்பே சில வேளைகளில் காப்பாகவும் அமைந்துள்ளது. தஞ்சைப் பெரிய கோயிலில் 1931இல் எசு.கே. கோவிந்தசாமி கண்டறிந்த சோழர் ஓவியங்கள், நாயக்கர் கால ஓவியப் பூச்சின் அடியில் இருந்தமையாலேயே எஞ்சின. எண்ணெய் வண்ணத்தின் இயல்பு வேறு. அது கல்லின்மேல் படலமாக ஒட்டி ஈரத்தைச் சிறைப்படுத்துகிறது. சில ஆண்டுகளில் உரிந்து அழுக்கேறி அருவருப்பாகிறது. அடுத்த திருப்பணியில் அதை நீக்கியாக வேண்டும். நீக்குவதற்கு எளிய வழியாக மணல்வீச்சு வந்தது. எண்ணெய் வண்ணமும் மணல்வீச்சும் தனித்தனித் தீங்குகள் அல்ல. முன்னது பின்னதைப் பெற்றது.

அழுத்தக் காற்றோடு பீய்ச்சும் மணல், வண்ணத்தை மட்டும் பிரித்தறிந்து நீக்குவதில்லை. கல்லின் காலப்படிவான மேற்றோலையும் சேர்த்தே நீக்குகிறது. கல்வெட்டெழுத்தின் வெட்டு ஆழம் சில மில்லிமீட்டரே. மணல் பட்டதும் வெட்டின் விளிம்பு உருண்டுவிடும். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு எழுத்து இருப்பதுபோலவே தோன்றும். பக்கவாட்டில் விளக்கொளி பாய்ச்சினால் நிழல் கூர்மையாக விழாது. தாள் ஒற்றி மைப்படி எடுத்தால் கோட்டின் எல்லை மங்கி, வெட்டும் புரைசலும் ஒன்றாகத் தெரியும். இதைக் கொண்டே ஒரு சுவர் மணல்வீச்சுக்கு உட்பட்டதா என்பதைக் கல்வெட்டாய்வாளர் கூறிவிடுவர்.

இவ்வாறு மங்கிய சாசனத்தில் எது இழப்பாகிறது என்பதும் எண்ணத்தக்கது. மெய்க்கீர்த்தி மங்கினால் வேறு படிகளைக் கொண்டு நிரப்பலாம். வாய்பாடாக வரும் தொடர்களைப் பயிற்சியால் ஊகிக்கலாம். ஊகிக்க முடியாதவை பெயர்களும் எண்களும். நில அளவில் வேலி, மா, காணி, முந்திரிகை என இறங்கும் பின்னங்களுக்குத் தனிக் குறியீடுகள் உண்டு. ஒரு குறியீட்டை மற்றொன்றிலிருந்து வேறுபடுத்துவது ஒரு வளைவோ ஒரு சுழியோ ஆகும். அவ்வளைவு தேய்ந்தால் நிலத்தின் அளவும், அதற்குரிய வரியும், அதனால் எரிந்த விளக்கின் கணக்கும் ஐயத்திற்குரியன ஆகிவிடும். கடற்கரை மீனவக் குடிகளுக்கும் கோயிலுக்கும் இருந்த கடப்பாட்டை அறிவிக்கும் திருவிடந்தைச் சாசனச் செய்திகள் போன்றவை இலக்கியத்தில் கிடைப்பனவல்ல. கல்லில் மட்டுமே உள்ளவை.

ஒரு தொடர் இழப்பின் விளைவு எத்தகையது என்பதற்குத் திருக்கழுக்குன்றம் சான்று தரும். அங்குள்ள முதலாம் ஆதித்த சோழனின் 27ஆம் ஆட்சியாண்டுச் சாசனம், கோயிலுக்குரிய ஓர் இறையிலிக் கொடையைப் புதுப்பிக்கிறது. அக்கொடையை முதலில் கந்தசிட்டன் அளித்தான் என்றும், வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையன் அதனை அவ்வாறே காத்தான் என்றும் அது நினைவுகூர்கிறது. இவ்விரு பெயர்களும் உள்ள தொடர் தேய்ந்திருப்பின், எஞ்சியிருக்கும் பகுதி சோழன் ஒருவன் அளித்த ஓர் எளிய அறக்கட்டளையாகவே படிக்கப்பட்டிருக்கும். பல்லவர் காலம் முதல் சோழர் காலம் வரையிலான மூன்று நிலைகளை ஒரே கோயிலில் தொடர்ச்சியாகக் காட்டும் சான்று, ஓரிரு சொற்களோடு போயிருக்கும். அச்சாசனமே, முன்னோர் வைத்ததைப் பின்னோர் அழியாமற் காத்தலைத் தன் பொருளாகக் கொண்டது.

இக்கல்வெட்டுகள் எல்லாம் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே படியெடுக்கப்பட்டுவிட்டன, இனிக் கல் போனால் என்ன என்ற எதிர்வாதம் கல்வியாளரிடையேயும் கேட்கப்படுவது. கல்வெட்டு ஆண்டறிக்கைகள் பல சாசனங்களுக்குத் தருவது சில வரிச் சுருக்கமே. முழுப் பாடம் அன்று. படியெடுத்தபோது மண்ணுக்குள் இருந்த வரிகள் அவற்றில் இல்லை. ஐயமான பாடத்தை உறுதி செய்ய ஆய்வாளர் கல்லிடமே திரும்ப வேண்டும். ஆகவே முன்னைய மைப்படிகள் இன்றைய கவனமின்மைக்கு விடுப்பு ஆகா.

சட்டமும் நீதிமன்றமும் இவ்விடத்தில் ஓரளவுக்கே உதவியுள்ளன. பாதுகாக்கப்பட்ட சின்னமாயினும் வழிபாட்டிடத்தின் இயல்புக்கு மாறாக அதனைப் பயன்படுத்தலாகாது என்று 1958ஆம் ஆண்டின் தொல்பொருட் சின்னங்கள் சட்டம் கூறுகிறது. சென்னை உயர்நீதிமன்றம் 2021 சூன் 7 அன்று வழங்கிய தீர்ப்பில் 75 நெறியுரைகளைத் தந்து, பதினேழு உறுப்பினர் கொண்ட மரபு ஆணையம் ஒன்றையும், மாமல்லபுரத்திற்கெனத் தனி மேலாண்மை ஆணையத்தையும் அமைக்கப் பணித்தது. ஆனால் திருவிடந்தைபோல் நடுவணரசின் பட்டியலில் உள்ள கோயில்கள் சிலவே. அறநிலையத் துறையின் கீழுள்ள பெரும்பான்மைக் கோயில்கள் எப்பட்டியலிலும் இல்லாதவை. ஊர்ப்புறத்துச் சிறுகோயிலில் தரை மாற்றம் ஒரு மதிப்பீட்டுத் தாளில் ஒரு வரியாகத் தொடங்கி, உபயதாரர் கிடைத்த அன்றே செயலாகிவிடுகிறது.

தலையிடத்தக்க தருணத்தை ஆகம முறையே காட்டுகிறது. திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் செய்யப்படும். மூலவரின் சாந்நித்தியத்தைக் கும்பத்திலோ சித்திரப் பலகையிலோ எழுந்தருளச் செய்து, பணி முடிந்து குடமுழுக்கு நிகழும்வரை அங்கே வழிபாடு நடைபெறும். இறைவனுக்கு இடைக்கால இருப்பிடம் அமைக்காமல் ஒரு கல்லையும் பெயர்ப்பதில்லை என்ற அக்கொள்கையோடு, எழுத்துக்கும் இடைக்கால இருப்பிடம் அமைக்காமல் ஒரு கல்லையும் பெயர்ப்பதில்லை என்பதைச் சேர்ப்பதில் வழிபாட்டிற்கு இழுக்கு ஏதும் இல்லை. பாலாலயத்திற்கு நாள் குறிக்குமுன் சுவர், அதிட்டானம், தூண், தரை ஆகியவற்றின் எழுத்துகள் மைப்படியாகவும் ஒளிப்படமாகவும் பதிவாக வேண்டும். அப்பதிவு மதிப்பீட்டோடு இணைக்கப்பட வேண்டும். அதிட்டானத்தில் ஓர் அடையாளக் கோடு இட்டு, பணிக்குப் பின்னர்த் தரைமட்டம் அதனைத் தாண்டவில்லை என்பதைச் சரிபார்க்க வேண்டும். தரைக்கல் பெயர்க்கும் நாளில் கல்வெட்டறிந்த ஒருவர் உடனிருக்க வேண்டும்.

இதனால் காலத்தாழ்வு நேரும் என்ற தடை உண்மையானது. கல்வெட்டறிந்தோர் தொகை குறைவு. திருப்பணி நடைபெறும் கோயில்களோ மிகுதி. இங்குத்தான் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளின் பொறுப்பும் வருகிறது. கல்வெட்டியல் பல துறைகளில் விருப்பப் பாடமாகவோ ஒரு தாளின் ஓர் அலகாகவோ சுருங்கியுள்ளது. மாணவர் அச்சிட்ட பாடத்தைப் படிக்கின்றனர், கல்லைப் படிப்பதில்லை. செங்கல்பட்டு மாவட்டத்து ஊர்க்கோயில் ஒன்றில் பாலாலயத்திற்கு முன் பத்து நாள் தங்கி மைப்படி எடுப்பதை முதுகலைக் களப்பணியாக ஏற்கும் துறை, அக்கோயிலுக்கு எழுத்தரைத் தருகிறது. தன் மாணவருக்குக் கல்லைத் தருகிறது. அவ்வாறு எடுத்த படியின் ஒரு நகல் கோயில் அலுவலகத்தில் இருத்தல் இன்றியமையாதது. இருபதாண்டுக்குப் பின் அடுத்த திருப்பணிக் குழு வந்து தரையைப் பார்க்கும்போது, மறைந்த வரி எது என்று கேட்பதற்கு ஒரு பொத்தகமேனும் அங்கே இருக்கும்.